எட்டு மணி ஓவர்: ஒரு பாம்புக்கடி நோயாளியின் குறிப்பைத் திருத்தி எழுதுதல்

சம்பா நடவும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வரும் மாதங்களில் கடலூர் மாவட்டத்து அரசு மருத்துவமனைகளுக்குப் பாம்புக்கடி நோயாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். காட்டுமன்னார்கோவில், புவனகிரி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து வயல்களில் வரப்போரம் கால் வைத்தவர்கள், இருட்டில் மோட்டார் கொட்டகைக்குப் போனவர்கள். ஓவர் குறிப்பு எழுதப் பழக இவர்களைவிடப் பொருத்தமான நோயாளி இல்லை என்பது என் எண்ணம். விஷமுறிவு மருந்து ஏற்றிய பிறகு ஆறு மணி நேரம் கழித்து ரத்தம் உறைகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். அந்த ஆறு மணி நேரம் பெரும்பாலும் ஒரு டியூட்டிக்குள் அடங்காது. மருந்தை ஏற்றுபவர் ஒருவர், பரிசோதனை செய்பவர் வேறொருவர். இடையில் இருப்பது ரிப்போர்ட் புக்கில் எழுதும் நாலு வரி மட்டுமே.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு குறிப்பை எடுத்துக்கொண்டு அதைத் திருத்தி எழுதப் போகிறோம். நோயாளி பயிற்சிக்காக நான் உருவாக்கியவர். இடம், மாவட்டத்தில் ஏதோ ஒரு தாலுகா மருத்துவமனை. நம் வார்டுகளில் குறிப்புகள் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. இங்கே அவற்றைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். எந்த மொழியில் எழுதினாலும் வரிசையும் அளவும் ஒன்றுதான்.

முதலில், மாலை டியூட்டி சிஸ்டர் இரவு எட்டு மணிக்கு எழுதிவைத்த குறிப்பு:

"கட்டில் 7. ஆண், 42 வயது. பாம்புக்கடி என்று காலையில் அட்மிஷன். இடது காலில் கடி. கான்சியஸ், ஓரியண்டட். வைட்டல்ஸ் ஸ்டேபிள். ஏ.எஸ்.வி. கொடுக்கப்பட்டது. டிரிப் ஓடுகிறது. யூரின் போனார். கால் வீக்கம் உள்ளது. ரத்தம் லேபுக்கு அனுப்பப்பட்டது. டி.டி. போடவில்லை. ரிப்பீட் டெஸ்ட் பார்க்கவும். ஆர்டர்படி மருந்துகள் கொடுக்கவும். வாட்ச் பண்ணவும்."

இதில் பொய் எதுவும் இல்லை. எழுதியவர் சோம்பேறியும் இல்லை; பதினைந்து வாக்கியம் எழுதியிருக்கிறார். ஆனால் இதைப் படித்துவிட்டு இரவு சிஸ்டர் எழுந்து போய்ச் செய்யக்கூடிய வேலை ஒன்றுகூட இதில் இல்லை. கேஸ் ஷீட்டைப் புரட்டி, அட்டெண்டரிடமும் நோயாளியின் மனைவியிடமும் கேட்டு, அவர் எல்லாவற்றையும் மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். மற்ற இருபத்தொன்பது கட்டிலையும் பார்த்தபடிதான் அதைச் செய்தாக வேண்டும்.

அன்று நிஜமாக நடந்தது இது. நோயாளி காலை பத்தரை மணிக்கு வயலில் கடிபட்டார். 11.40-க்கு வார்டுக்கு வந்தார். ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. இருபது நிமிட உறைவுப் பரிசோதனையில் ரத்தம் உறையவில்லை. 12.15-க்குப் பத்து வயல் விஷமுறிவு மருந்து தொடங்கினார்கள். பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பும் அரிப்பும் வந்தன. டிரிப்பை நிறுத்தி, தொடையில் அட்ரினலின் 0.5 மி.கி. போட்டு, அடங்கிய பின் மறுபடி மெதுவாக ஓடவிட்டு முடித்தார்கள். மாலை 6.15-க்கு மறுபரிசோதனை, 6.35-க்குப் பார்த்தபோதும் ரத்தம் உறையவில்லை. டாக்டர் இன்னொரு பத்து வயல் எழுதினார். அது 7.10-க்குத் தொடங்கியது. எட்டு மணிக்கு ஓவர் நடக்கும்போது பாட்டிலில் கொஞ்சம் மீதி ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஏ.எஸ்.வி. கொடுக்கப்பட்டது" என்ற வரிக்குள் இவ்வளவும் புதைந்து கிடக்கிறது. அது முதல் டோஸா, இரண்டாவதா? முடிந்துவிட்டதா, ஓடுகிறதா? முதல் டோஸில் அலர்ஜி வந்தது இரவு சிஸ்டருக்குத் தெரியுமா? விஷமுறிவு மருந்தின் எதிர்வினை பெரும்பாலும் ஏற்றத் தொடங்கிய பத்து நிமிடத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வரும். ஆக இரவு பத்து மணி வரை ஆபத்து நேரம். அந்த நேரம் முழுக்க இரவு சிஸ்டர் பொறுப்பில்தான் இருக்கிறது.

நிலைமை: பெயரடை வேண்டாம், எண் வேண்டும்

திருத்தத்தை "ஸ்டேபிள்" என்ற சொல்லை அடிப்பதிலிருந்து தொடங்குங்கள். இந்த நோயாளிக்குச் சேர்க்கும்போது ரத்த அழுத்தம் 130/80, நாடித்துடிப்பு 88. மாலை 7.45-க்கு 104/68, நாடி 108. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் எவரும் பயப்பட மாட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அழுத்தம் இறங்குகிறது, நாடி ஏறுகிறது. ரத்தம் உறையாத ஒருவருக்கு இப்படி நடந்தால் உள்ளே எங்காவது கசிகிறதா, மருந்தின் எதிர்வினை தொடங்குகிறதா என்று கேட்க வேண்டும். "ஸ்டேபிள்" என்ற சொல் அந்தக் கேள்வியை மூடிவிடுகிறது. அளந்த மணியோடு கடைசி அளவு, அதற்குப் பக்கத்தில் ஒப்பிட ஒரு பழைய அளவு. இது போதும். நாலு மணிக்கொருமுறை எடுத்த எல்லா அளவையும் எழுத வேண்டியதில்லை, அதற்கு டி.பி.ஆர். சார்ட் இருக்கிறது.

"யூரின் போனார்" என்பதும் இதே ரகம். கண்ணாடி விரியன் கடியில் சிறுநீரகம் பழுதாவது நமக்குப் புதிதல்ல. முதல் அடையாளம் சிறுநீரின் அளவிலும் நிறத்திலும் தெரியும். இந்த நோயாளி பன்னிரண்டு மணியிலிருந்து எட்டு மணி வரை மொத்தம் 190 மி.லி. போயிருக்கிறார், நிறம் கறுத்த தேநீர் மாதிரி. எட்டு மணி நேரத்துக்கு 190 என்றால் மணிக்கு 24 மி.லி. கூட இல்லை. எடை சுமார் 60 கிலோ. கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி. என்று வைத்தால் குறைந்தது 30 வர வேண்டும். குறைகிறது என்பதைக் குறிப்பு தானாகவே சொல்ல வேண்டும், படிப்பவர் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கக் கூடாது.

"கால் வீக்கம் உள்ளது" என்பதும் எதையும் சொல்லாத வரி. காலையில் கணுக்கால் வரை இருந்த வீக்கம் மாலையில் கெண்டைக்கால் நடுவரை ஏறியிருக்கிறது. இதற்கு ரிப்போர்ட் புக்கைவிட நல்ல தாள் நோயாளியின் கால்தான். வீக்கத்தின் மேல் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு, பக்கத்தில் மணி. குறிப்பில் "6 மணிக் கோடு கெண்டைக்கால் நடுவில்" என்று எழுதினால் இரவு சிஸ்டர் டார்ச் அடித்து ஒரு நொடியில் பார்த்துவிடுவார், கோட்டைத் தாண்டியிருக்கிறதா இல்லையா என்று.

இயல்பாக இருப்பதையெல்லாம் எழுத வேண்டாம். ஆனால் ஒரு "இல்லை" மட்டும் இங்கே கட்டாயம்: கண் இமை தொங்கல் இல்லை, மூச்சு சிரமம் இல்லை, பார்த்த நேரம் 7.45. நோயாளி கண்ணாடி விரியன் என்கிறார், ஆனால் பாம்பை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. நல்ல பாம்போ கட்டுவிரியனோ என்றால் இமையும் மூச்சுத் தசைகளும்தான் பாதிக்கப்படும். "பாம்பு: கண்ணாடி விரியன்" என்று எழுதிவிட்டால் அதற்கப்புறம் யாரும் இமையைப் பார்க்க மாட்டார்கள். "நோயாளி சொல்வது கண்ணாடி விரியன், பார்த்தவர் இல்லை" என்று எழுதுங்கள்.

நிலுவை வேலை: மணி, செய்முறை, முடிவு வந்தால் என்ன

"ரிப்பீட் டெஸ்ட் பார்க்கவும்" என்ற வரிதான் என்னை அதிகம் உறுத்துகிறது. எந்த டெஸ்ட், எத்தனை மணிக்கு, உறையாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும்? மூன்றும் இல்லை. ரிப்போர்ட் புக்கில் "மாலை மறுபரிசோதனை ஆனது" என்று எங்கும் எழுதப்படாததால், இரவு சிஸ்டர் இதை 6.15-க்குச் செய்ய வேண்டியிருந்த டெஸ்ட் என்று நினைத்து எட்டரைக்கே ரத்தம் எடுத்துவிடலாம். மருந்து ஏறி முடிந்த சிறிது நேரத்தில் எடுத்த அந்த முடிவு யாருக்கும் பயன்படாது. இல்லையென்றால், டெஸ்ட் ஆகிவிட்டது என்று எண்ணி விடியும்வரை விட்டுவிடலாம். இரண்டில் பின்னது மோசம்.

இரண்டாவது டோஸ் 19:10-க்குத் தொடங்கியதால் டாக்டர் அடுத்த பரிசோதனையை 01:10-க்கு எழுதியிருக்கிறார். குறிப்பில் நேரத்தை இருபத்துநாலு மணிக் கணக்கில் எழுதுவது நல்லது; இரவு டியூட்டியில் பகல் இரவு குழப்பம் வருவது இந்த மாதிரி நேரங்களில்தான்.

பரிசோதனை எளிமையானது, அதனாலேயே கெட்டுப்போகும். புதிய, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் சிரையிலிருந்து 2 மி.லி. ரத்தம். அறை வெப்பத்தில் இருபது நிமிடம் அசைக்காமல் நிற்க வேண்டும். பிறகு ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ எடுத்தால், நல்ல ரத்தமும் உறையாததுபோல் காட்டக்கூடும். ஏனென்றால் உறைதலைத் தொடங்கிவைப்பதே கண்ணாடியின் பரப்புதான். இரவில் கண்ணாடிக் குழாய் கிடைக்காமல் கையில் வந்த குழாயில் ரத்தம் எடுப்பது வழக்கமான விபத்து. எனவே மாலை சிஸ்டர் செய்யக்கூடிய நல்ல உதவி, இரண்டு புதிய கண்ணாடிக் குழாயை எடுத்து டிரேயில் வைத்து, வைத்திருப்பதைக் குறிப்பில் எழுதுவது.

இப்போது பழைய குறிப்பில் மூச்சே விடாத ஒரு விஷயம். காலையில் இருந்த வயல்களில் இருபது இவருக்குப் போய்விட்டன. பெட்டியில் மீதி ஆறு. 01:30-க்கு ரத்தம் உறையவில்லை என்று தெரிந்தால் டாக்டர் இன்னொரு டோஸ் எழுதக்கூடும். அப்போது பெட்டியைத் திறந்து ஆறைக் கண்டால் என்ன செய்வது? நடுராத்திரியில் போன் போட்டு இன்னொரு மருத்துவமனையில் கேட்க வேண்டும், அல்லது நோயாளியைச் சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ 108-இல் அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் நேரம் பிடிக்கும். பத்து மணிக்குள் டாக்டரிடம் கேட்டு முடிவெடுத்துவிட்டால் நேரம் கையில் இருக்கும். மருந்துக் கையிருப்பு ஸ்டோர் சமாசாரம், நோயாளியின் குறிப்பில் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். இன்றிரவு இந்த நோயாளியின் சிகிச்சையை முடிவு செய்யப்போவதே அந்த எண்ணிக்கைதான் என்றால், அது அவர் கட்டில் எண்ணுக்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

"ரத்தம் லேபுக்கு அனுப்பப்பட்டது" என்பதையும் வேலையாக மாற்றுங்கள். 18:30-க்கு அனுப்பியது கிரியேட்டினின். மதியம் 1.1 இருந்தது. முடிவு இன்னும் வரவில்லை. 21:00-க்குள் லேபில் கேட்டு, கூடியிருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அனுப்பியவருடைய வேலை அனுப்பியதோடு முடிந்துவிட்டதாகத் தோன்றும். நோயாளிக்கு வேலை தொடங்குவது முடிவு வந்த பிறகுதான்.

எச்சரிக்கை: காரணத்தோடு, வேலைக்குப் பக்கத்தில்

பல மாதிரிப் படிவங்களில் எச்சரிக்கைகள் கடைசிப் பெட்டியில் இருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. களைத்துப்போன கண் கடைசிப் பெட்டியைப் படிப்பதில்லை. அடுத்த மூன்று மணி நேரத்துக்குள் உயிருக்கு ஆபத்து வரக்கூடிய எச்சரிக்கை முதல் வரிக்கே போக வேண்டும். மற்ற எச்சரிக்கைகள் அவை சம்பந்தப்பட்ட வேலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

"டி.டி. போடவில்லை" என்ற வரியைப் பாருங்கள். இதை நிலுவை வேலையாகப் படித்து, இரவு சிஸ்டர் நல்லெண்ணத்தோடு தசையில் ஊசியைப் போட்டுவிடலாம். ரத்தம் உறையாதவருக்குத் தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டும். அதனால்தான் டாக்டர் டி.டி.யை நிறுத்தி வைத்திருக்கிறார். "டி.டி. வேண்டுமென்றே நிறுத்தம்: ரத்தம் உறைந்த பிறகு மட்டும்" என்று எழுதினால் குழப்பம் இல்லை. வலிக்கு டைக்ளோபீனாக் ஊசியும் இதே காரணத்தால் கூடாது, பாராசிட்டமால் மட்டும். காரணத்தை இரண்டு சொல்லில் சேர்த்து எழுதுவது வீண் அல்ல. காரணம் தெரியாத தடையை இரவு இரண்டு மணிக்கு நோயாளி வலியில் கத்தும்போது மீறிவிடுவது எளிது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் எழுதிவிட வேண்டும். எதிர்வினை வந்தால் அட்ரினலின் தசையில்தான் போட வேண்டும். "ஐ.எம். ஊசி கூடாது" என்று மட்டும் எழுதினால், தடிப்பும் மூச்சிரைப்பும் வரும்போது புதிதாக வந்த ஒரு சிஸ்டர் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு இடம் கொடுக்கவே கூடாது.

நல்ல எச்சரிக்கையில் மூன்று இருக்கும்: எதைப் பார்ப்பது, கண்டால் உடனே கையால் செய்வது என்ன, யாரை அழைப்பது. "வாட்ச் பண்ணவும்" என்பதில் மூன்றுமே இல்லை.

திருத்திய குறிப்பு

கட்டில் 7. ஆண், 42, சுமார் 60 கிலோ. பாம்புக்கடி: நோயாளி சொல்வது கண்ணாடி விரியன், பார்த்தவர் இல்லை. ரத்தம் உறையவில்லை. கவலைக்குரிய நிலை.

உடனடி எச்சரிக்கை: ஏ.எஸ்.வி. 2-ஆம் டோஸ் (10 வயல்) ஓடுகிறது, தொடக்கம் 19:10, முடிவு சுமார் 20:10. முதல் டோஸில் 10 நிமிடத்தில் தடிப்பு, அரிப்பு. 22:10 வரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கவும். தடிப்பு, நடுக்கம், மூச்சிரைப்பு, வாந்தி, அழுத்தம் குறைவு: டிரிப் நிறுத்து, அட்ரினலின் 0.5 மி.கி. தொடையில், டாக்டரை அழை. இரண்டு சிரிஞ்சு லேபிளுடன் கட்டில் டிரேயில்.

நிலை 19:45: பி.பி. 104/68, நாடி 108 (சேர்க்கையில் 130/80, 88). ஆக்ஸிஜன் 98%. இமை தொங்கல் இல்லை, மூச்சு சிரமம் இல்லை. ஈறுக் கசிவு நின்றது. வீக்கம் கெண்டைக்கால் நடுவரை, 18:00 கோடு போட்டது. சிறுநீர் 12:00–20:00 மொத்தம் 190 மி.லி., கறுத்த நிறம். டாக்டருக்கு 20:00-க்குச் சொன்னது.

செய்ய வேண்டியவை:
20:00 முதல் மணிக்கொருமுறை சிறுநீர் அளவு. 22:00-க்குள் 60 மி.லி. வராவிட்டால் டாக்டர்.
21:00 கிரியேட்டினின் முடிவு லேபில் கேட்க (மதியம் 1.1). கூடியிருந்தால் டாக்டர்.
22:00-க்குள் டாக்டரிடம் முடிவு கேட்க: ஏ.எஸ்.வி. மீதி 6 வயல் மட்டும். இன்னொரு டோஸ் வேண்டுமென்றால் வரவழைப்பதா, அனுப்புவதா.
01:10 உறைவுப் பரிசோதனை, 01:30 பார்க்க. புதிய கண்ணாடிக் குழாய் 2 டிரேயில். உறையவில்லை என்றால் உடனே டாக்டர்.

கூடாது: டி.டி., டைக்ளோபீனாக், பிற ஐ.எம். ஊசிகள் (ரத்தம் கட்டும்). அட்ரினலினுக்கு இந்தத் தடை இல்லை.

பழைய குறிப்பைவிட இது நீளம்தான். ஆனால் படித்து முடிக்க ஒரு நிமிடம் போதும், முடித்த கையோடு வேலையைத் தொடங்கலாம். சுருக்கம் என்பதைச் சொல் எண்ணிக்கையில் பார்க்காதீர்கள். படித்த பிறகு கேஸ் ஷீட்டைத் திறக்க வேண்டியிருந்ததா என்று பாருங்கள். கடி நடந்த கதை, எந்த வயல், யார் கூட்டிவந்தது, மதியம் கொடுத்த மருந்துகளின் பட்டியல் எதுவும் இங்கே இல்லை. அவை கேஸ் ஷீட்டில் இருக்கின்றன, இரவில் அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்த பிறகு அனுப்ப வேண்டிய அறிக்கையும் பகல் வேலைதான். இந்தக் குறிப்பில் அதற்கு இடமில்லை.

முப்பது கட்டிலுக்கும் இப்படி எழுத முடியாது, எழுதவும் கூடாது. முதல் வரியில் "கவலைக்குரிய நிலை" என்று வரக்கூடிய மூன்று நான்கு பேருக்கு இந்த முழு வடிவம். நாளை டிஸ்சார்ஜ் ஆகப்போகிறவருக்கு ஒரு வரி: கட்டில், நோய், இரவில் செய்ய வேண்டிய ஒரே வேலை. எல்லாருக்கும் ஒரே நீளத்தில் எழுதினால் ஏழாம் கட்டிலை இரவு சிஸ்டர் எங்கே தேடுவார்?

கட்டிலருகில் கொடுப்பது

எழுதியதைக் கட்டிலருகில் நின்று வாசித்துக் கொடுங்கள். நர்ஸ் மேசையில் உட்கார்ந்து ஓவர் கொடுத்தால் டிரிப்பின் வேகம், பாட்டிலில் மீதி, சிறுநீர்ப் பையின் நிறம் எதையும் இருவரும் சேர்ந்து பார்க்க முடியாது. அந்த இரவு இப்படி நடக்கலாம்:

"ஏழாம் கட்டில்தான் இன்னைக்கு உனக்கு முக்கியம். ரெண்டாவது டோஸ் ஓடுது. மதியம் தடிப்பு வந்துச்சு."

"பத்து பத்து வரைக்கும் கால் மணிக்கொரு தடவை பாக்கணும். தடிப்பு வந்தா டிரிப்பை நிறுத்தி அட்ரினலின் அரை மில்லி தொடையில. ஒரு மணி பத்துக்கு டெஸ்ட். சரியா அக்கா?"

"அரை மில்லிதான். ஆம்பூல் ஒண்ணுக்கு ஆயிரம்தானான்னு நீயே பார்த்துடு. அப்புறம் வயல் கணக்கு?"

"ஆறுதான் இருக்கு. பத்து மணிக்குள்ள டாக்டரைக் கேக்கணும்."

இளையவர் இங்கே வெறுமனே தலையாட்டவில்லை, தன் வாயால் திருப்பிச் சொல்கிறார். அவர் விட்டுவிட்ட ஒன்றை மூத்தவர் கேட்டு வாங்குகிறார். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஒன்பது மருத்துவமனைகளில் பயிற்சி டாக்டர்களிடையே சோதித்து 2014-இல் வெளியான ஐ-பாஸ் முறையில், பெறுபவர் திருப்பிச் சொல்வது ஒரு தனிப் படியாகவே இருக்கிறது. அந்த ஆய்வில் மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்தன. படிவம் மட்டுமல்ல, பயிற்சியும் கண்காணிப்பும் சேர்ந்தே அந்தப் பலன் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்திய நர்ஸ்களுக்கு இன்னும் பழக்கமானது எஸ்.பி.ஏ.ஆர். எனும் வரிசை: நிலவரம், பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்தது அது. டாக்டருக்கு அவசரமாக போன் செய்ய அது மிக நன்றாக உதவும். ஆனால் எட்டு மணி நேரத்துக்கான வேலைகளை மணிவாரியாகக் கையளிக்கப் போதாது. பரிந்துரை என்ற ஒரே பெட்டிக்குள் நாலு மணிநேரக் குறிகளையும் திணித்தால் மறுபடி "வாட்ச் பண்ணவும்" ஆகிவிடும்.

சிதம்பரத்துக்கு அனுப்பினால்

01:30-க்கு ரத்தம் உறையவில்லை, கிரியேட்டினின் 2.3 என்று வந்தது, சிறுநீர் இன்னும் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் அண்ணாமலை நகருக்கு அனுப்புகிறார். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக 1985-இல் தொடங்கி, 2021-இல் மாநில சுகாதாரத் துறையின் கீழ் வந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அது. இப்போது அதே குறிப்பைப் பிரதி எடுத்து 108-இல் கொடுத்தால் போதாது. வாங்குபவர் மாறிவிட்டார், அவர் உங்கள் வார்டைப் பார்த்ததே இல்லை.

முதல் வரியில் எதற்காக அனுப்புகிறோம் என்று வர வேண்டும்: "உறைவு திரும்பவில்லை, சிறுநீரகம் பாதிப்பு, டயாலிசிஸ் தேவையா என்று பார்க்க." அடுத்து மொத்த விஷமுறிவு மருந்து: 20 வயல், இரண்டு டோஸின் தொடக்க மணிகளோடு. அங்கே மறுபடி ஏற்றலாமா என்று கணக்கிடுபவர்களுக்கு அந்த மொத்தம்தான் ஆதாரம். எதிர்வினை எப்போது வந்தது, எதனால் அடங்கியது. கடைசி உறைவுப் பரிசோதனை எத்தனை மணிக்கு, முடிவு என்ன. மதியம் முதல் புறப்படும் நேரம் வரை சிறுநீரின் மொத்த அளவு, கடைசியாகப் போன மணி. காலின் கோடு. நிறுத்திவைத்த டி.டி. உறவினர்களிடம் டயாலிசிஸ் பற்றிச் சொல்லியாயிற்றா இல்லையா. சொல்லவில்லை என்றால் அங்கே போய் முதன்முறையாகக் கேட்டுப் பதறுவார்கள்.

வயல் மீதி ஆறு, டிரேயில் இருந்த குழாய், லேப் நேரம் ஆகியவற்றை வெட்டிவிடுங்கள். வார்டுக்குள் புழங்கும் சுருக்கெழுத்துகளையும் விரித்து எழுதுங்கள். வண்டியில் இருக்கும் டெக்னீஷியனுக்கு மட்டும் தனியாக ஒரு வரி: வழியில் மூச்சிரைப்போ இமை தொங்கலோ தெரிந்தால் சிதம்பரம் அவசரப் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த வரியை அவரிடம் வாய்விட்டும் சொல்லுங்கள், ஓடும் வண்டியில் தாள் படிக்க முடியாது.

கடைசியாகக் குறிப்பில் கையெழுத்தும் மணியும். எழுதி முடித்தது 20:05 என்றால் 20:05. கையெழுத்துக்குப் பிறகு ஏதாவது மாறினால், உதாரணமாக 20:12-க்கு லேபிலிருந்து போன் வந்து கிரியேட்டினின் தெரிந்துவிட்டால், பழைய வரியை ஒற்றைக் கோடால் அடித்து, படிக்க முடிகிற மாதிரி விட்டு, பக்கத்தில் புதிய முடிவு, மணி, சுருக்கொப்பம். வெள்ளை மை தடவக் கூடாது. ஓவர் வாங்கிய சிஸ்டரும் தன் மணியோடு கையெழுத்திட வேண்டும். அந்த நொடியிலிருந்து 01:10 பரிசோதனை அவருடையது.